வலி குறைந்த பிறகு வந்தவன்: ஒரு விதை முறுக்க நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு 19 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டுப் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவன். விடுதியில் தங்கிப் படிக்கிறான். டிசம்பர் மாதப் புதன்கிழமை ஒன்றில், காலை 8 மணிக்கு, தாய்மாமனுடன் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தான். அவனை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கை மாற்றவில்லை.

சீட்டில் ‘இடது விதைப்பை வீக்கம், மூன்று நாள்’ என்று எழுதியிருந்தது. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“இப்போது பெரிதாக இல்லை சார். முதல் நாள்தான் தாங்க முடியாமல் இருந்தது. அன்று சாயங்காலமே குறைந்துவிட்டது.”

கேட்டுக்கொண்டிருந்த மாமாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்கும் உடன் இருந்த பயிற்சி மருத்துவருக்கும் நேர்மாறாக இருந்தது. இந்த வயதில் விதையில் திடீரென்று கடும் வலி வந்து, சிகிச்சை எதுவும் இல்லாமல் பல மணி நேரம் கழித்து மெல்லத் தணிந்து, அதன் பிறகு வீக்கம் ஏறினால், உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

திங்கட்கிழமை

வலி தொடங்கியது திங்கட்கிழமை அதிகாலை 1.40 மணிக்கு. தூக்கத்திலிருந்து விழித்ததும் கைப்பேசியைப் பார்த்ததால் அந்த நேரம் அவனுக்கு நினைவிருந்தது. இடது விதையில் தொடங்கிய வலி சில நிமிடங்களில் தொடை இடுக்குக்கும் அடிவயிற்றுக்கும் ஏறியது. எழுந்து குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தான். குளிர்ந்த தரையில் குந்தி உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலாம்போல் இருந்ததாம். அறையில் அவனோடு சேர்த்து நான்கு பேர். சத்தம் கேட்டு விழித்த நண்பன் கதவுக்கு வெளியே நின்று என்ன என்று கேட்டதற்கு, “வயிறு சரியில்லைடா, நீ தூங்கு” என்றான்.

விடியும்வரை அவன் மனத்தில் இரண்டு காரணங்கள் ஓடின. முந்தைய நாள் மாலை வாலிபால் ஆடும்போது பந்து இடுப்புக்குக் கீழே பட்டிருந்தது. ஆனால் அது பட்ட பிறகு அவன் ஒரு மணி நேரம் ஆடியிருக்கிறான், சாப்பிட்டிருக்கிறான், வலியில்லாமல் தூங்கியிருக்கிறான். இரண்டாவது காரணத்தை அவன் அன்று யாரிடமும் சொல்லவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

காலை 7 மணிக்குக் கல்லூரி வாசலில் இருக்கும் மருந்துக் கடைக்குத் தனியாக நடந்து போனான். வயிற்று வலி, வாந்தி என்றான். வயிற்றுப் பிடிப்புக்கு ஒரு மாத்திரையும் அமிலத்துக்கு ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். சூடு பிடித்திருக்கும் என்று எண்ணி இளநீர் வாங்கிக் குடித்தான். விடுதிச் சமையற்காரரிடம் நல்லெண்ணெய் கேட்டு வாங்கிக் கால் கட்டைவிரலில் தடவிக்கொண்டான். வலி தொடங்கி அப்போது ஐந்தரை மணி நேரம்கூட முழுதாக ஆகவில்லை.

10.30 மணிக்கு அவன் முகத்தைப் பார்த்த விடுதிக் காப்பாளர், நண்பனைத் துணைக்கு அனுப்பி அருகிலுள்ள கிளினிக்குக்குப் போகச் சொன்னார். அங்கே இருந்தவர் பெண் மருத்துவர். நண்பன் பக்கத்திலேயே நின்றான். எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் கேட்டார். அவன் தொப்புளுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினான். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், மென்மையாகவே இருந்தது. சிறுநீரில் எரிச்சல் உண்டா என்று கேட்டார், இல்லை. சிறுநீரகக் கல்லாக இருக்கலாம் என்று வலி ஊசி போட்டு, சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். சிறுநீரில் ஒன்றும் இல்லை.

பிற்பகல் 4 மணி வாக்கில் வலி தளரத் தொடங்கியது. ஊசி வேலை செய்துவிட்டது என்று நினைத்து இரவு அயர்ந்து தூங்கினான். செவ்வாய்க்கிழமை எழுந்தபோது இடது பக்கம் சிவந்து வீங்கியிருந்தது. வகுப்புக்குப் போகவில்லை. லுங்கியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். அம்மா தொலைபேசியில், “குரல் ஏன் கண்ணு இப்படி இருக்கிறது?” என்று கேட்டபோது சளி என்றான். மாலையில் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டான்.

ஊரில் அவனைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டவர் மாமா. காலை அகட்டி வைத்து அவன் நடந்து வந்ததைப் பார்த்ததும் தனியாகக் கூப்பிட்டு, “மாப்பிள்ளை, விதையில் வீக்கமா?” என்று நேராகவே கேட்டுவிட்டார். அவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஓதம் வந்து அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அந்த நடை அவருக்குப் பழக்கம். அவன் அழுதுவிட்டான். இரவு கடைசி பஸ் போய்விட்டதால் மறுநாள் முதல் பஸ்ஸில் அழைத்து வந்தார். வலி தொடங்கியதிலிருந்து 54 மணி நேரம் கடந்திருந்தது.

உள்ளே நடந்தது

விதை, விதைப்பைக்குள் ஒரு தண்டில் தொங்குகிறது. அந்தத் தண்டின் வழியாகத்தான் ரத்தத்தைக் கொண்டுவரும் தமனியும், கழிவு ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிரைகளும், விந்துக் குழாயும், நரம்புகளும் வருகின்றன. விதையைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இந்த உறை விதையின் முன்புறத்தையும் பக்கங்களையும் மட்டும் மூடும்; பின்புறம் விதைப்பையின் சுவரோடு ஒட்டி இருக்கும். அந்த ஒட்டுதல்தான் விதையைத் திரும்பவிடாமல் பிடித்து வைக்கிறது.

சிலருக்குப் பிறவியிலேயே உறை மேலே தண்டுவரை ஏறி விதையை முழுவதுமாகச் சூழ்ந்திருக்கும். பின்புறத்தில் பிடிப்பு இருக்காது. மணிக்குள் நாக்கு தொங்குவதுபோல் விதை தனியாகத் தொங்கும். மருத்துவர்களும் இதை மணி நாக்கு அமைப்பு என்றே சொல்கிறோம். இந்த அமைப்பு உள்ளவருக்கு, விதையை மேலே இழுக்கும் தசை திடீரென்று சுருங்கும்போது விதை தன் தண்டில் சுழன்றுவிடக்கூடும். குளிரில் அந்தத் தசை சுருங்கும், தூக்கத்திலும் சுருங்கும். அதனால்தான் இந்த நோயாளிகள் பலர் நள்ளிரவில் வலியோடு விழிக்கிறார்கள். பந்து பட்டதற்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அடிபட்டதால் வந்த வலி என்றால் அடிபட்டவுடன் உச்சத்தில் இருந்து மெல்லக் குறைய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேலும் அது தணியாவிட்டாலோ, இடையில் விட்டுப் பிறகு திடீரென்று வந்தாலோ, அடியைக் காரணமாக வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

தண்டு முறுக்கிக்கொண்டதும் முதலில் அடைபடுவது சிரைகள்தான். அவற்றின் சுவர் மெல்லியது. தமனியோ இன்னும் ரத்தத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது. வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் விதை விம்முகிறது. விதையைச் சுற்றியுள்ள வெண்ணிறக் கவசம் விரிந்துகொடுக்காத உறுதியான திசு. உள்ளே அழுத்தம் ஏற ஏற ஒரு கட்டத்தில் தமனியும் நின்றுவிடுகிறது. அதன் பிறகு பிராணவாயு இல்லாமல் செல்கள் சாகத் தொடங்குகின்றன. விந்தணுவை உருவாக்கும் செல்கள்தான் முதலில் சாகும்.

எவ்வளவு நேரத்தில் என்பது எத்தனை சுற்று என்பதைப் பொறுத்தது. அரைச் சுற்று என்றால் சற்று அவகாசம் கிடைக்கும். இரண்டு சுற்று என்றால் வேகமாக முடிந்துவிடும். மொத்தத்தில், 6 மணி நேரத்துக்குள் முறுக்கை விடுவித்தால் பத்தில் ஒன்பது விதைகளுக்கு மேல் காப்பாற்றப்படுகின்றன. 12 மணி நேரத்தை நெருங்கும்போது அது ஏறக்குறையப் பாதியாகிறது. 24 மணி நேரத்தைத் தாண்டினால் பிழைப்பவை மிகச் சில. இந்தக் கணக்கைத் திங்கட்கிழமையோடு பொருத்திப் பாருங்கள். மருந்துக் கடையில் நின்றபோதே முதல் வாசல் மூடத் தொடங்கியிருந்தது. கிளினிக்கில் அமர்ந்தபோது ஏறக்குறைய 9 மணி நேரம். அப்போது கண்டுபிடித்திருந்தாலும் உறுதி சொல்ல முடியாது, ஆனால் போராடிப் பார்க்க நல்ல வாய்ப்பு இருந்தது.

பிற்பகல் 4 மணிக்கு வலி குறைந்ததற்கு ஊசியின் பங்கு சிறிது இருக்கலாம். ஆனால் அந்த ஊசியின் வேகம் தீர்ந்த பிறகும் வலி திரும்பவில்லை. வலியை மூளைக்குச் சொல்லும் நரம்பு இழைகளும் அதே தண்டின் வழியாக, அதே ரத்தத்தை நம்பித்தான் இருக்கின்றன. திசு செத்தபோது அவையும் சேர்ந்து செத்தன. அவன் குணமாகிறது என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்த நேரமும், விதை கைவிட்டுப் போன நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பரிசோதனையும் அறுவையும்

தனி அறையில், திரை போட்டு, மாமாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பரிசோதித்தோம். காய்ச்சல் 99.6 டிகிரி. இடது விதைப்பைத் தோல் சிவந்து, நீர் கோத்து, உள்ளிருக்கும் திசுவோடு ஒட்டிப்போயிருந்தது. விதை வழக்கமான இடத்தைவிட மேலே ஏறி, கல்லைத் தொடுவதுபோல் கெட்டியாக இருந்தது. தொடையின் உட்புறத்தை லேசாக வருடினால் அந்தப் பக்கத்து விதை மேலே எழும்ப வேண்டும். வலது பக்கம் எழும்பியது. இடது பக்கம் அசையவில்லை.

டாப்ளர் ஸ்கேனில் இடது விதைக்குள் ரத்த ஓட்டம் அறவே இல்லை. தண்டு சுருண்டிருப்பது தொடை இடுக்குக்குச் சற்றுக் கீழே தெளிவாகத் தெரிந்தது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 54 மணி நேரம் கழித்து வந்தவனுக்கு ஸ்கேன் எடுத்ததால் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரத்தில் வரும் நோயாளிக்கு, அறிகுறிகள் தெளிவாக இருந்தால், ஸ்கேனுக்காக வரிசையில் காக்கவைப்பது தவறு. தொடக்கத்திலும் பாதி முறுக்கத்திலும் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிந்து ஏமாற்றவும் செய்யும். அப்படிப்பட்டவர்களை நேராக அறுவை அரங்குக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்ப்பதே முறை. திறந்து பார்த்து முறுக்கம் இல்லையென்றால் சிறு தழும்பு மிஞ்சும், அவ்வளவுதான்.

பெரும்பாலும் குழப்பம் தருவது விதையின் பின்புறக் குழாயில் வரும் கிருமித் தொற்று. அதுவும் வீங்கும், சிவக்கும், வலிக்கும். ஆனால் அந்த வலி ஒரு நாள், இரண்டு நாள் என்று படிப்படியாக ஏறும். காய்ச்சல், சிறுநீர் எரிச்சல் சேர்ந்திருக்கும். டாப்ளரில் ரத்த ஓட்டம் குறைவதற்குப் பதில் கூடியிருக்கும். இந்த இளைஞன் செவ்வாய்க்கிழமை, வீக்கத்தோடும் லேசான காய்ச்சலோடும் யாரிடமாவது போயிருந்தால், ‘எப்போது, எப்படித் தொடங்கியது?’ என்ற கேள்வியைக் கேட்காத மருத்துவர் கிருமித் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கவும் கூடும். தூக்கத்திலிருந்து எழுப்பிய வலியா, நாள்பட வளர்ந்த வலியா என்ற அந்த ஒரு விடைக்கு ஸ்கேனைவிடப் பெறுமானம் அதிகம்.

அறுவைக்கு முன் ஒப்புதல் வாங்க வேண்டும். விதை பிழைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, எடுக்க வேண்டி வரலாம் என்பதை மறைக்காமல் சொன்னேன். அவன் கேட்டது ஒரே கேள்வி.

“ஒன்று போனால் நான் ஆம்பிளை இல்லையா சார்?”

“தம்பி, மீசைக்கும் குரலுக்கும் ஆசைக்கும் வேண்டிய ஹார்மோனை ஒரு நல்ல விதையே சுரந்துவிடும். குழந்தை பிறப்பதற்கும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்று போதும். அந்த ஒன்றைப் பத்திரமாக வைப்பதற்குத்தான் இன்றைய அறுவையில் பாதி வேலை” என்றேன்.

முதுகில் மயக்க ஊசி போட்டு, விதைப்பையின் நடுக்கோட்டில் திறந்தோம். உறையைப் பிரித்ததும் கருஞ்சிவப்பு நீர் வெளியேறியது. தண்டு இரண்டு முழுச் சுற்று முறுக்கியிருந்தது. பிரித்து நேராக்கி, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் மூடிவிட்டுக் காத்திருந்தோம். உயிர் மிச்சமிருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிறம் சற்றே திரும்பும். கருப்பு மாறவில்லை. வெண்ணிறக் கவசத்தில் சிறு கீறல் போட்டுப் பார்த்தோம். புது ரத்தம் கசியவில்லை. இறந்த விதையை அங்கேயே விட்டுவைத்தால் சீழ் பிடிக்கலாம், மெல்லச் சுருங்கியும் போகலாம். எடுத்துவிட்டோம்.

பிறகு வலது பக்கத்தைத் திறந்தோம். அதிலும் அதே மணி நாக்கு அமைப்பு. இந்த அமைப்பு பலருக்கு இரு பக்கமும் இருக்கும். அதனால்தான் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்ட எவருக்கும் மறுபக்கத்தை அப்படியே விடுவதில்லை. கரையாத நூலால் மூன்று இடத்தில் விதையை விதைப்பையின் உட்சுவரோடு தைத்து நிறுத்தினோம். இவ்வளவு தாமதமாக வந்தவனுக்கு ஏன் அறுவை என்று சிலர் கேட்பார்கள். இருக்கும் ஒன்றை இப்படி நிறுத்திவைப்பதே அதற்குப் போதிய காரணம். அதோடு, முறுக்கு இறுக்கமில்லாமல் இருந்து இரண்டாம் நாள்கூட விதை பிழைத்த நோயாளிகள் அபூர்வமாக உண்டு. திறந்து பார்க்காமல் செத்துவிட்டது என்று தீர்மானிக்க நமக்கு உரிமை இல்லை.

திசுப் பரிசோதனை அறிக்கை, ரத்தத் தேக்கத்தால் திசு அழிவு என்று வந்தது. புற்றுக் கட்டி எதுவும் இல்லை. இந்த வயது ஆண்களுக்கு விதையில் புற்று வருவது உண்டு என்பதாலும், அது பெரும்பாலும் வலியில்லாத கட்டியாகவே தொடங்கும் என்பதாலும், எடுத்த திசுவை அனுப்பிப் பார்ப்பதைத் தவறவிடுவதில்லை.

அவன் சொல்லாமல் வைத்திருந்தது

அறுவைக்கு மறுநாள், கட்டு மாற்றும்போது, பழைய வலிகளைப் பற்றிக் கேட்டேன். கடந்த ஓராண்டில் மூன்று முறை இதே இடத்தில் திடீரென்று வலி வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம், அரை மணி நேரம் இருந்துவிட்டு, வந்த வேகத்திலேயே முற்றிலும் போயிருக்கிறது. ஒருமுறை தேர்வு அறையில். வாந்தி வரும்போல் இருந்து எழுந்து வெளியே போயிருக்கிறான்.

என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் மிகப் பெரிய இழப்பு இங்கேதான் நடந்தது. விதை முறுக்கிக்கொண்டு, தானாகவே பிரிந்து திரும்பிய நேரங்கள் அவை. அந்த வலிக்குப் பிறகு ஒருவர் வந்தால், பரிசோதனையில் எல்லாம் சரியாகவே இருக்கலாம்; ஸ்கேனும் சரியாக இருக்கலாம். ஆனாலும் அவர் சொல்லும் வரலாற்றை வைத்தே, அவசரமில்லாமல் ஒரு நாள் குறித்து, இரண்டு பக்கமும் தைத்து நிறுத்திவிடலாம். பெரும்பாலும் மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம். மூன்று முறையும் வலி முழுதாக நின்றுபோனதால் சொல்ல வேண்டிய தேவை இல்லை என்று அவன் எடுத்துக்கொண்டான். நான்காவது முறை வலி குறைந்தபோதும் அதே பாடத்தைத்தான் நம்பினான். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு: தானாகப் பிரியும்போது வலி சட்டென்று அறுந்து விதை இயல்பாகிவிடும்; சாகும்போது வலி மெல்ல மங்கி வீக்கம் ஏறும்.

அதிகாலையில் அவன் மனத்தில் ஓடிய இரண்டாவது காரணத்தையும் அன்றுதான் சொன்னான். குரல் மிகவும் தணிந்திருந்தது. கைப்பழக்கத்தால் வந்த வினை என்று நினைத்திருக்கிறான். பள்ளி நாட்களில் பேருந்து நிலையச் சுவரில், ‘இளமையில் செய்த தவறா?’ என்று தொடங்கும் விளம்பரங்களைப் படித்து வளர்ந்தவன். இன்ன ஊர் லாட்ஜில் இன்ன தேதியில் வைத்தியர் வருகிறார் என்ற அறிவிப்புகளில் நரம்புத் தளர்ச்சி, விதை சுருங்குதல், விதை வலி எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கும். மருத்துவரிடம் காட்டினால், பார்த்த மாத்திரத்தில் அவர் கண்டுபிடித்துவிடுவார், நண்பனுக்கு முன்னாலேயே கேட்டுவிடுவார் என்று பயந்திருக்கிறான்.

கைப்பழக்கத்துக்கும் விதை முறுக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதைச் செய்ததால் உறை மேலே ஏறிவிடாது, தண்டு முறுக்கிக்கொள்ளாது. அந்த அமைப்பு கருவில் இருந்தபோதே உருவாகிவிட்டது. இதை அவனிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அந்த விளம்பரங்கள் மீது எனக்குள்ள கோபத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. அவை பணத்தை மட்டும் பிடுங்குவதில்லை. வலியால் துடிக்கும் பையனைக் குற்றவாளியாக உட்கார வைக்கின்றன. குற்றவாளி என்று தன்னை நினைப்பவன் அவசரப் பிரிவுக்கு ஓடி வரமாட்டான்.

வெட்கத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. அவன் விடுதியில் ஓர் இளைஞனுக்கு முன்பு ஓத அறுவை நடந்து, அன்று முதல் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. தனக்கும் ஒன்று வரும் என்று இவன் உறுதியாக நம்பினான்.

கிளினிக்கில் கேட்காத கேள்வி

வயிறு என்று அவன் சொன்னதை வெறும் பொய் என்று தள்ளிவிட முடியாது. கருவில் விதை உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்தின் அருகில். பிறப்பதற்கு முன்புதான் கீழே இறங்குகிறது. இறங்கும்போது தன் நரம்புகளை அங்கிருந்தே இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால் விதையின் வலி தொப்புளைச் சுற்றியும் அடிவயிற்றிலும் உண்மையாகவே உணரப்படும், வாந்தியும் வரும். சிறுவர்களில் சிலருக்கு வயிற்று வலி மட்டுமே தெரிந்து, விதை வலிப்பதே புலப்படாமல் போவதுண்டு. ஆகவே இந்த இளைஞனின் வெட்கத்துக்கு உடலே ஒரு மறைவிடம் கொடுத்துவிட்டது. அவன் வலிக்கும் இடங்கள் இரண்டில் சொல்லக்கூடிய இடத்தை மட்டும் சொன்னான்.

அந்த மறைவைக் கலைக்க வேண்டியது பரிசோதிப்பவரின் பொறுப்பு. அடிவயிற்று வலியும் வாந்தியுமாக வரும் பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வயதுவரையுள்ள ஆண் எவரையும் விதையைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று அறுவைத் துறையில் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கிறோம். வயிறு மென்மையாக இருக்கிறது, ஆனால் பையன் வியர்த்து வெளிறிக் கிடக்கிறான் என்றால் கை இன்னும் கீழே போக வேண்டும். பெண் மருத்துவர் என்றால், “கீழே எங்காவது வலி இருக்கிறதா? ஆண் மருத்துவர் பார்க்க வேண்டும் என்றால் இப்போதே ஏற்பாடு செய்கிறேன்” என்று கேட்டால் போதும். ஆனால் அதற்கு முன், துணைக்கு வந்தவரை வெளியே அனுப்ப வேண்டும். நண்பன் அருகில் நிற்கும்வரை இவன் வாயிலிருந்து உண்மை வந்திருக்காது என்று அவனே சொன்னான். தனியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “கேட்டிருந்தால் தலையை ஆட்டியிருப்பேன் சார்” என்றான்.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால், சொல்ல வேண்டியது அதிகமில்லை. ‘விதையில் திடீர் வலி, இத்தனை மணிக்குத் தொடங்கியது, வாந்தி எடுத்தேன்’ என்பதுதான் மொத்தமும். வாய் வரவில்லை என்றால் சீட்டின் பின்புறம் எழுதி நீட்டலாம். அப்படி நீட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது எங்களுக்குப் போதுமானது. இரவு 2 மணியானாலும் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு திறந்திருக்கும். 108 வண்டி வரும். வண்டிக்காரரிடம் காரணத்தை விவரிக்க வேண்டியதில்லை, கடுமையான வலி என்றால் போதும். அறுவை தேவைப்படலாம் என்பதால் வரும் வழியில் எதுவும் சாப்பிடாமலும் குடிக்காமலும் இருப்பது நல்லது. முறுக்கத்தைத் தானே திருப்பிப் பார்ப்பது வேண்டாம். அறுவை அரங்கு தயாராகும்வரை நாங்கள் சில நேரம் கையால் வெளிப்புறமாகத் திருப்பி விடுவிக்க முயல்வோம். ஆனால் மூன்றில் ஒருவருக்கு முறுக்கு எதிர்த்திசையில் இருக்கும், தவறாகத் திருப்பினால் இன்னும் இறுகும். கையால் விடுபட்டாலும் தைத்து நிறுத்தும் அறுவை கட்டாயம் தேவை.

பிறகு

நான்காம் நாள் வீட்டுக்குப் போனான். வெளித்தோலில் போட்ட தையல்கள் தானே கரைந்தன. மூன்று மாதம் கழித்து வந்தபோது டெஸ்டோஸ்டிரோன் அளவு இயல்பாக இருந்தது. வலது விதை நல்ல அளவில், சரியான இடத்தில் இருந்தது. விந்துப் பரிசோதனையை ஓராண்டு கழித்துச் செய்துகொள்ளச் சொன்னேன். விரும்பினால் இடது பக்கத்தில் சிலிகான் விதை பொருத்தலாம் என்று சொன்னபோது, இப்போது வேண்டாம் என்றான். வாலிபால் ஆடலாம், ஆனால் காப்புக் கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை குளிக்கும்போது வலது விதையைத் தடவிப் பார்த்து, கட்டி ஏதும் தட்டுப்பட்டால் வர வேண்டும். தைத்து நிறுத்திய விதையும் மிக அபூர்வமாக மறுபடி முறுக்கிக்கொள்வது உண்டு என்பதால், திடீர் வலி வந்தால் அந்த மணியிலேயே வர வேண்டும் என்றும் சொன்னேன்.

மாமா அன்று அவனுடைய தம்பியையும் அழைத்து வந்திருந்தார். 14 வயது. சில குடும்பங்களில் இந்த முறுக்கம் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வருவது அறியப்பட்டது என்பதால் அவனையும் பரிசோதித்தேன். இரண்டு விதைகளும் சரியான இடத்தில் இருந்தன. வலி வந்ததே இல்லை என்றான். அறிகுறி இல்லாதவனுக்கு முன்னெச்சரிக்கை அறுவை தேவையில்லை. எந்த மாதிரி வலி என்றால் உடனே சொல்ல வேண்டும் என்பதை அவனுக்கு விளக்கத் தொடங்கினேன். அண்ணன் குறுக்கிட்டு, “நான் எல்லாம் சொல்லிவிட்டேன் சார், எத்தனை மணி நேரம் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்” என்றான்.